நாக்கின் வெளுப்பும் கடைவாய் வெடிப்பும்

கடைவாய் வெடித்து, வாயைத் திறந்தால் எரிகிறது என்று யாரேனும் சொன்னால், நம் வீடுகளில் உடனே கிடைக்கும் பதில் “உடம்பு சூடு” என்பதே. இரவில் தேங்காயெண்ணெயோ வெண்ணெயோ தடவுவர். மணத்தக்காளிக் கீரை சமைப்பர். நாலு நாள் காரத்தைக் குறைப்பர். வெடிப்பு ஆறிவிடும். ஒரு மாதத்திற்குள் அதே இடத்தில் மறுபடியும் வெடிக்கும். இப்படி ஆண்டில் ஐந்தாறு முறை வந்து போவதைப் பலர் தம் உடம்பின் வாகு என்றே எண்ணி விடுகின்றனர்.

அது உடம்பின் வாகு அன்று. திரும்பத் திரும்ப வரும் கடைவாய் வெடிப்பும், வெளுத்து வழவழப்பாகிப் போன நாக்கும், உணவில் ஏதோ ஒன்று நெடுநாளாகக் குறைந்து வருகிறது என்பதற்கான குறிகளாக இருக்கக் கூடும். வாயில் தெரியும் குறி ஆறிவிட்டதால் உள்ளே இருக்கும் குறை தீர்ந்துவிட்டது என்று கொள்வதே இதில் பெரிதும் நேரும் தவறாகும். காரைக்கால் பகுதியில் தறியை நம்பியும் வயலை நம்பியும் வாழும் நம் அங்கத்தினர் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய அளவுக்கு இதனை இங்கே விளக்குவோம்.

வாய் ஏன் முதலில் காட்டுகிறது?

நாக்கின் மேற்புறம் வெல்வெட்டுத் துணியைப் போன்றது. அதில் நெருங்கி நிற்கும் நுண்ணிய முளைகளே நாக்குக்கு அந்தச் சொரசொரப்பைத் தருகின்றன. உணவு உரசுவதாலும் சூடு படுவதாலும் அம்முளைகளின் மேற்பரப்பு ஓயாமல் தேய்ந்து கொண்டிருக்கிறது. சரீரமும் ஓயாமல் அதைப் புதுப்பித்துக் கொண்டிருக்கிறது. கையின் தோலைக் காட்டிலும் வாயின் தோல் விரைவில் மாறுவது. தறியில் ஓடும் பாவைப் போல், பின்னாலிருந்து நூல் வந்து கொண்டே இருந்தால்தான் முன்னால் துணி வளரும். நூல் நின்றால் முதலில் தெரிவது நெய்யும் இடத்தில்தான்.

புதிய அணுக்களைப் பிறப்பிக்க இரும்புச்சத்து வேண்டும். ஃபோலிக் அமிலம் வேண்டும். வைட்டமின் பி12, பி2, பி6 ஆகியவையும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தேய்ந்த முளைகளுக்கு ஈடாகப் புதியவை வளர்வதில்லை. அப்போது நாக்கு வழவழப்பாகிறது. உதடுகள் கூடும் கடைவாயோ, பேசும்போதும் உண்ணும்போதும் ஓயாது மடங்கி விரிவது. எச்சிலில் நனைந்து நனைந்து உலர்வது. அவ்விடத்துத் தோல் வலுவிழந்தால் அங்கேதான் முதலில் கிழியும்.

இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாக்கு வழவழப்பாவது முளைகள் அழிந்ததால். நாக்கு வெளுப்பது இரத்தத்தில் சிவப்புப் பொருளாகிய ஹீமோகுளோபின் குறைந்ததால். இரண்டும் சேர்ந்தும் வரும், தனித்தனியாகவும் வரும். எது வந்திருக்கிறது என்று நோக்கினால்தான் காரணத்தை ஊகிக்க வழியுண்டு.

குன்னூரிலும் பம்பாயிலும் கண்டறிந்தவை

இந்தக் குறிகளின் பொருளை உலகம் அறிந்ததில் நம் நாட்டிற்கு, குறிப்பாகத் தென்னாட்டிற்கு, பெரும் பங்குண்டு. 1918-ஆம் ஆண்டில் ராபர்ட் மக்காரிசன் என்னும் வைத்தியர் நீலகிரியைச் சேர்ந்த குன்னூரில் ‘பெரிபெரி’ நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து உணவு ஆராய்ச்சிக் கூடமாயிற்று. 1958-இல் ஹைதராபாத்திற்கு மாறிற்று. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரால் விளங்குகிறது.

குன்னூரில் மக்காரிசனுக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டு என்பவர், கிருஷ்ணன் என்னும் உடன் ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து, தென்னாட்டில் அரிசியையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்த ஏழைக் குழந்தைகளின் வாய்ப்புண்களை ஆராய்ந்து 1936-இல் கட்டுரை வெளியிட்டார். கடைவாய் வெடிப்பும் நாக்குப் புண்ணும் ‘சூட்டினால்’ வருவன அல்ல, அக்காலத்தில் ‘பி2’ என்று வழங்கிய சத்தின் குறைவால் வருவன என்பது அவர்களுடைய முடிவு. அந்தச் சத்து ரிபோஃபிளேவின்தான் என்பதும், அது இல்லாத உணவை உண்டால் கடைவாய் வெடிக்கும், அதை மட்டும் கொடுத்தால் ஆறும் என்பதும் 1938-இல் அமெரிக்காவில் செப்ரல், பட்லர் ஆகிய இருவர் நடத்திய சோதனையில் தெளிவாயின.

சோகையைப் பற்றிய மற்றொரு கண்டுபிடிப்பு நெசவுத் தொழிலோடு தொடர்புடையது. 1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணியாலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகள் கடுமையான சோகையால் மாண்டு கொண்டிருந்தனர். அச்சோகையில் இரத்தத்தின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் உருவில் பெருத்தும் காணப்பட்டன. 1929-இல் சில மாதங்கள் குன்னூரிலும், 1931-இன் தொடக்கத்தில் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணியாற்றினார். ஈஸ்டு என்னும் காடியிலிருந்து எடுக்கும் மலிவான சாற்றைக் கொடுத்தபோது அப்பெண்கள் தேறினர். அந்தச் சாற்றில் இருந்த பொருள் இன்னதென்று அப்போது எவருக்கும் தெரியாது. 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு ‘ஃபோலிக் அமிலம்’ என்று பெயர் பெற்றது அதுவே. இன்று கர்ப்பிணிகள் யாவருக்கும் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கப்படுவதும் அதுதான்.

அரிசியின் கணக்கு

காவிரிக் கடைமடையில் நாம் உண்பது அரிசி. அதன் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். தீட்டிய அரிசி 100 கிராமில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு, சுமார் 0.65 மில்லிகிராம். ஒரு பெண்மணி நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி உண்டாலும் அதில் கிடைப்பது மூன்று மில்லிகிராமுக்குச் சற்று மேல். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் கூறிய அளவு. ஆக, வயிறு நிறைந்தும் தேவையில் ஒன்பதில் ஒரு பங்குதான் வருகிறது.

பி2 சத்தின் கணக்கும் ஏறத்தாழ இதேதான். அதே அரைக் கிலோ அரிசியில் அது கால் மில்லிகிராம் அளவே உண்டு. தேவையோ இரண்டு மில்லிகிராமை ஒட்டியது. எட்டில் ஒரு பங்கு. அந்தச் சிறிதிலும் ஒரு பகுதி, அரிசியைப் பலமுறை களைந்து கொட்டும் நீரிலும், வடித்து ஊற்றும் கஞ்சியிலும் போய்விடுகிறது. புழுங்கலரிசியாக இருந்தால் பெரிபெரியைத் தடுக்கும் பி1 சத்து அதில் ஓரளவு தங்கும். பி2 சத்துக்கும் இரும்புக்கும் அந்த அனுகூலம் சொற்பமே.

எஞ்சியதைக் குழம்பும் கறியும் பாலும் மீனும் பருப்புமே தர வேண்டும். வேலை மலிந்து கையில் பணம் குறையும் காலத்தில் முதலில் குறைவன இவைதாம், அரிசி குறைவதில்லை. எனவே பசியில்லாமலேயே சத்துக் குறைகிறது. ஒரே உணவில் இரும்பும் பி2-உம் ஒருங்கே குறைவதால்தான், வெளுத்த நாக்கும் வெடித்த கடைவாயும் ஒரே முகத்தில் காணப்படுகின்றன. பி2 குறைந்தால் உடம்பிலுள்ள இரும்பு பயன்படுவதும் தடைப்படுகிறது. ஒன்றின் குறை மற்றொன்றின் குறையைப் பெருக்குகிறது.

ஒரு பெண்மணியின் வாய்

இனி, பல குடும்பங்களில் காண்பவற்றைத் திரட்டி, ஒரே பெண்மணிக்கு நேர்ந்ததாக வைத்துச் சொல்கிறோம். அவருக்கு வயது 34. கணவர் குழித்தறியில் நெய்கிறார். அம்மையார் ராட்டையில் தார் சுற்றித் தருகிறார். மூன்று குழந்தைகள். காலையில் தேநீரும் பன்னும், பகலில் சோறு, ரசம், நீர்த்த சாம்பார், மாலையில் மீண்டும் தேநீர், இரவில் சோறு. மீன் வாரத்தில் ஒரு நாள். அதிலும் நடுத்துண்டு பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். சாப்பிட்டவுடன் ஒரு குவளைத் தேநீர் அருந்தாவிட்டால் அவருக்குத் தலை வலிக்கும்.

ஓராண்டாக அவருக்குக் கடைவாய் இருபுறமும் வெடித்து ஆறுகிறது. ரசத்தின் காரம் நாக்கில் பட்டால் எரிகிறது. குடத்தைத் தூக்கிப் படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. இவற்றோடு அவர் யாரிடமும் சொல்லாத ஒன்றும் உண்டு. அரிசி புடைக்கும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயிலிட்டு மெல்லாமல் அவரால் இருக்க முடிவதில்லை. மாமியார் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார்.

“ஏன் புள்ள, பச்சரிசியைத் தின்னா சோகை வரும்னு தெரியாதா?”

“தெரியும் அத்தே, ஆனா விட முடியலையே.”

மாமியார் சொன்னதில் பாதி உண்மை. காரியமும் காரணமும் இடம் மாறியிருக்கின்றன. பெரும்பாலும் பச்சரிசி தின்பதால் சோகை வருவதில்லை. இரும்புச்சத்துக் குறைந்த சோகை வந்ததால்தான் பச்சரிசியும் சாம்பலும் மண்ணும் பனிக்கட்டியும் தின்ன வேண்டும் என்ற தீராத ஆவல் எழுகிறது. இரும்பு நிரம்பினால் அந்த ஆவல் தானே அடங்கும். நாக்கைப் பார்ப்பதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்பது நன்று. வெட்கத்தால் மறைப்பவர் பலர்.

அம்மையார் கடைக்குப் போய் ‘பி காம்ப்ளெக்ஸ்’ மாத்திரை வாங்கி விழுங்கினார். பத்து நாளில் கடைவாய் ஆறிற்று. குணமாயிற்று என்று நிறுத்திவிட்டார். இரைப்பு நிற்கவில்லை, நாக்கின் வெளுப்பும் மாறவில்லை, ஆனால் அவற்றை நோக்குவார் இல்லை. இரண்டு மாதங்களில் கடைவாய் மறுபடியும் வெடித்தது. அவர் தீர்த்தது பி2 குறையை மட்டுமே, அதுவும் சிலநாளைக்கு மட்டுமே. இரும்புக் குறை தொட்ட இடத்திலேயே நின்றது. இதைத்தான் முதலில் எச்சரித்தோம்: கடைவாய் ஆறுவது எளிது, அது ஆறியதும் நோயாளியும் வீட்டாரும் மற்றதை மறந்துவிடுகின்றனர்.

பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதிக்கப்பட்டது. ஹீமோகுளோபின் 8.2 கிராம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தால் சோகை, கர்ப்பிணிக்கு 11, ஆணுக்கு 13. சிவப்பணுக்கள் உருவில் சிறுத்திருந்தன. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6 என்றிருந்தது. 15-க்குக் கீழே போனால் களஞ்சியம் காலி என்று பொருள். இந்த மூன்றாம் சோதனை வீண் அன்று. தாய் தந்தையர் வழியாக வரும் தலசீமியா என்னும் இரத்தக் குறைபாட்டின் இலேசான வகையிலும் சிவப்பணுக்கள் சிறுத்தே இருக்கும். அவர்களுக்கு இரும்பு கொடுப்பதால் பயன் இராது.

வைத்தியர் இரும்பு மாத்திரை தந்தார்; குடற்புழுவுக்கும் மருந்து தந்தார். மாதவிடாய் எத்தனை நாள், எத்தனை துணி என்று கேட்டார். ஏழு நாளுக்கு மேல் போவது தெரிந்ததும் அதற்கான பரிசோதனைக்கு அனுப்பினார். இரும்பு எங்கே ஒழுகிப் போகிறது என்று காணாமல் மேலே மேலே ஊற்றிக் கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 9.8 ஆயிற்று, மூன்றாம் மாத முடிவில் 12.1. பச்சரிசி ஆவல் முதல் மாதத்திலேயே நின்றது. நாக்கின் ஓரங்களில் சொரசொரப்பு இரண்டாம் மாதத்தில் திரும்பிற்று. அப்போது அவர் மாத்திரையை நிறுத்த விரும்பினார், வைத்தியர் ஒப்பவில்லை. இரத்தம் நிரம்பிய பிறகே சேமிப்பு நிரம்பத் தொடங்கும். அதற்கு மேலும் மூன்று மாதங்கள் வேண்டும். அறுவடை முடிந்ததும் விதைநெல்லையும் உண்டுவிட்டால் அடுத்த பட்டத்திற்கு என்ன செய்வது? அதைப் போன்றதே இது.

நாக்கைப் பார்க்கும் முறை

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில், வாசலில் நின்று பார்க்க வேண்டும். விளக்கொளி நிறத்தை மாற்றிக் காட்டும். வெற்றிலை போட்டவர், காப்பி குடித்தவர், வாய் கொப்பளித்துச் சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். நாக்கை மிக அழுத்தி நீட்டினால் அதிலுள்ள இரத்தம் பின்வாங்கித் தானே வெளுக்கும்; ஆகையால் தளர்வாக நீட்டுக. நிறத்தைப் பார்த்த பின் கீழிமையின் உட்புறத்தையும் உள்ளங்கையையும் நோக்குக. நல்ல ஆரோக்கியமுள்ள ஒருவரை அருகில் நிறுத்தி ஒப்பிட்டால் ஐயம் தெளியும்.

காணும் வேறுபாடுகளை எளிதாகச் சொல்லலாம். வெளுத்து, ஓரங்கள் பளபளத்து, நகங்களும் தட்டையாகவோ குழிந்தோ இருந்தால் இரும்புக் குறையை முதலில் நினைக்க. நாக்கு கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த சிவப்பாகவோ மாறி, உதடு வறண்டு உரிந்து, கடைவாய் இருபுறமும் வெடித்து, மூக்கின் மடிப்புகளில் எண்ணெய்ப் பசையுடன் செதில் தோன்றினால் பி2 குறையை நினைக்க. நாக்கு முழுவதும் வழவழத்து, பச்சை இறைச்சி போல் சிவந்து எரிந்தால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறையை நினைக்க. இவை ‘நினைப்பதற்கு’ மட்டுமே. முடிவு செய்வதற்கு அல்ல. ஒரே வாயில் இரண்டு குறைகள் கலந்தால் நிறமும் கலந்துவிடும். பி2 கொடுத்தும் ஆறாத சில வாய்ப்புண்கள் பி6 கொடுத்தால் ஆறியதை ஹைதராபாத் ஆராய்ச்சியாளர்கள் பின்னாளில் கண்டிருக்கின்றனர்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாக்கு சிவந்திருப்பதால் சோகை இல்லை என்று முடிவு கட்டலாகாது. ஹீமோகுளோபின் 7-ஐ ஒட்டிக் குறைந்தவரின் வெளுப்பை எவரும் காணலாம். 10, 11 என்று இருப்பவரைப் பழகிய வைத்தியரின் கண்ணும் தவறவிடும். 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை காணப்பட்டது. அவர்களில் மிகப் பலர் நாக்கைப் பார்த்தால் அகப்படாதவர்கள். ஆகவே குறி இருந்தால் சோதிக்க வேண்டும். குறி இல்லாவிடினும் கர்ப்பிணியும், மாதவிடாய் மிகுதியாகப் போகும் பெண்ணும், இரைப்பும் சோர்வும் உள்ளவரும் சோதித்துக் கொள்ள வேண்டும்.

முதியவரின் சிவந்த நாக்கு

அதே வீட்டில் மாமனார் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். அவர் மரக்கறி உணவே உண்பவர். பாலும் தயிரும் பெயருக்குத்தான். அவர் நாக்கு சிவந்து கண்ணாடி போல் வழவழத்திருக்கிறது. உள்ளங்கால் மரத்துப் போகிறது. இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறார். தறியின் மிதிபலகை காலில் பட்டதே தெரியவில்லை என்கிறார்.

இது பி12 குறைக்கு உரிய தோற்றம். அச்சத்து மீன், முட்டை, இறைச்சி, பால் ஆகியவற்றில் உண்டு. கீரையிலும் தானியத்திலும் இல்லை. வயது முதிர்ந்தால் வயிறு அதைக் கிரகிக்கும் ஆற்றலும் குறைகிறது. இங்கேதான் ஓர் அபாயம் உண்டு. மருமகளுக்குத் தந்த மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. ‘இரத்தம் ஊறும் மாத்திரைதானே’ என்று மாமனாரும் அதையே விழுங்கினால், இரத்தம் ஓரளவு தேறும், நாக்கும் தேறக்கூடும். ஆனால் நரம்பின் கேடு உள்ளே வளர்ந்து கொண்டே போகும். வெகுநாள் சென்ற நரம்புக் கேடு முழுமையாகத் திரும்புவதில்லை. அவருக்கு வேண்டியது பி12 சோதனையும், குறையிருந்தால் பி12 ஊசியோ மாத்திரையோ ஆகும். ஒருவரின் மருந்தை மற்றவர் உண்ணலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைச் சோகை வந்தால் மாத்திரையோடு நின்றுவிடக் கூடாது. அவர்களுக்கு இரத்தம் போவதற்கு வேறு வழி இருக்க வேண்டும். மூலமாக இருக்கலாம், வயிற்றுப் புண்ணாக இருக்கலாம், குடலில் தோன்றிய புற்றாகவும் இருக்கலாம். வெறுங்காலோடு ஈரமண்ணில் உழைக்கும் விவசாயிக்குக் கொக்கிப்புழு இருக்கலாம். அது காலின் தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடலைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சுவது.

வேறு காரணங்களும் உண்டு

கடைவாய்ப் புண் யாவும் சத்துக் குறைவால் வருவன அல்ல. பல் விழுந்து வாய் ஒடுங்கிய முதியோருக்கு எச்சில் கசிந்து கடைவாய் எப்போதும் ஈரமாயிருக்கும். அங்கே பூஞ்சை பற்றும். பொருந்தாத பல்செட்டு அணிவோருக்கும் நீரிழிவு உள்ளவர்க்கும் அப்படியே. அதற்குப் பூஞ்சைக்குரிய களிம்பு வேண்டும். சத்து மாத்திரை மட்டும் போதாது.

வெற்றிலை பாக்குப் போடுவோர், பாக்குப் பொட்டலம் மெல்லுவோர் ஆகியோருக்குத் தனியே ஒன்று சொல்வோம். பாக்கினால் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, சலவைக்கல் போலாகி, நார் நாராக இறுகும் நோய் ஒன்றுண்டு. அந்த வெளுப்பைச் சோகையின் வெளுப்பென்று மயங்கலாம். வேறுபாடு காண்பது எளிது. வாயை அகலத் திறந்து, தம் விரல்கள் மூன்றினை நிமிர்த்தி, முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பார்க்கட்டும். நுழையாவிட்டால், காரமும் தாங்காவிட்டால், பாக்கை அன்றே நிறுத்திவிட்டுப் பல் வைத்தியரிடம் போக வேண்டும். அது புற்றாக மாறக் கூடியது. வாயின் எப்பகுதியிலும் இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண்ணுக்கும் இவ்விதியே பொருந்தும்.

உண்ணும் முறையும் மருந்துண்ணும் முறையும்

அரிசியை இரண்டு முறைக்கு மேல் களைய வேண்டாம். சோற்றை வடித்தால் கஞ்சியைக் கொட்டாமல் அருந்துக. பழைய சோற்று நீராகாரத்தைக் கொட்டுவதும் அவ்வாறே நட்டம். பாலை வெயிலில் திறந்து வைத்தால் பி2 சத்து ஒளியால் அழிகிறது. நிழலில் மூடி வைக்க வேண்டும். நம் பகுதியில் நெல் வயலின் ஈரத்தில் விதைக்கும் உளுந்தும் பயறும் விலைக்குப் போவது போக, ஆண்டுக்கு வேண்டியதை வீட்டுக்கு நிறுத்திக் கொள்வது நலம். முருங்கைக் கீரையும் சிறுமீனும் வாரத்தில் பன்முறை இலையில் விழ வேண்டும். ஆட்டு ஈரல் உண்பவர்க்கு இரும்பு, பி2, பி12, ஃபோலிக் அமிலம் ஆகிய நான்கையும் ஒருங்கே தருவது அது. கர்ப்பிணிகள் மட்டும் அதில் வைட்டமின் ஏ மிகுதியாக இருப்பதால் அளவறிந்து உண்ண வேண்டும்.

கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேர்வதில்லை. ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ உடன் சேர்ந்தால் அது கூடுதலாகச் சேரும்; தேநீரும் காப்பியும் உடன் சேர்ந்தால் தடைப்படும். ஆகையால் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுக. செலவில்லாமல் செய்யக் கூடிய மாறுதல்களில் இதற்கு ஒப்பானது வேறில்லை.

ஆயினும் ஹீமோகுளோபின் 8 என்று இறங்கிய பிறகு உணவு மட்டும் அதை மீட்காது, மாத்திரை வேண்டும். அரசாங்கம் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகத் தரும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு உண்டு. அதைத் தேநீரோடும் பாலோடும் விழுங்கலாகாது. மலம் கறுக்கும், அதற்கு அஞ்ச வேண்டாம். குமட்டினால் தாமாக நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் சொன்னால், உணவுக்குப் பின் உண்ணும்படியோ ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ணும்படியோ மாற்றித் தருவார். சர்க்கரைப் பூச்சுள்ள இம்மாத்திரைகளைக் குழந்தைகள் மிட்டாய் என்று எண்ணி அள்ளி விழுங்கினால் உயிருக்கே அபாயம். எட்டாத உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ் இருப்பவர், சிறப்பாகக் கர்ப்பிணிகள், மாத்திரையை நம்பி வீட்டில் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

அடுத்த முறை நம் வீட்டில் ஒருவர் கடைவாய் எரிகிறது என்று சொல்லும்போது எண்ணெய் தடவுவதைத் தடுக்க வேண்டியதில்லை, எரிச்சல் அடங்கும். அதோடு அவரை வாசல் வெளிச்சத்திற்கு அழைத்து, “நாக்கை நீட்டு, படியேறினால் இரைக்கிறதா? பச்சரிசி தின்னத் தோன்றுகிறதா?” என்று கேட்போமாக. ஆம் என்றால் அந்த வாரத்திலேயே இரத்தம் சோதிக்கட்டும். கடைவாய் ஆறிய பிறகும் அந்தச் சோதனையைத் தள்ளிப் போடாதிருக்கட்டும்.